கட்டு அவிழ்ந்த கனவு

காலாப்பட்டை ஒட்டிய பிள்ளைச்சாவடியில் 62 வயது மீனவர் ஒருவர் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஆள் கற்பனை. அவர் உடம்பில் நடப்பது கற்பனையில்லை. மருத்துவப் பதிவுகளில் மறுபடி மறுபடி வருவதுதான். கடலுக்குப் போவதை நிறுத்தி மூன்று வருடம் ஆகிறது. மகன் ஃபைபர் படகில் போகிறான், இவர் கரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைச் சரிசெய்து கொடுக்கிறார். கோரிமேட்டில் ஜிப்மருக்கு இவரை அழைத்து வந்திருப்பது மனைவி. பேசுவதும் அவர்தான்.

"பகல்ல ஒரு வார்த்தை அதிர்ந்து பேசாத மனுசன், டாக்டர். விடியக்காத்தால மூணு மணி நாலு மணிக்கு, 'டேய், வலைய அறுக்காத, வுடுடா'ன்னு கத்துறாரு. காலால ஒதைக்கிறாரு. போன வாரம் என் கன்னத்துல ஒரு குத்து. புடிச்சி உலுக்குனா ஒடனே முழிச்சிக்கிறாரு. 'எவனோ வலைய அறுத்தான், அவனத்தான் அடிச்சேன்'ங்கிறாரு. ஊர்ல காத்து கருப்புங்கிறாங்க. கயிறு கட்டியாச்சு. நிக்கல."

கணவர் சங்கடத்தோடு சிரிக்கிறார். தனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத் தூங்குகிறேன் என்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை. இந்த நோயில் தூங்குபவருக்குப் பெரும்பாலும் தூக்கம் கெடுவதில்லை, காலையில் அசதியும் இருப்பதில்லை. பக்கத்தில் படுத்தவர்தான் நோயைப் பார்க்கிறார்.

அந்த அம்மா சொன்னதில் நோய் அடையாளத்துக்கு வேண்டியது முக்கால்வாசி இருக்கிறது. நேரம் இருக்கிறது, கத்தலும் உதையும் கனவோடு பொருந்துகின்றன, எழுப்பியவுடன் தெளிவு வருகிறது, பகலில் குணம் மாறவில்லை. இந்த நான்கும் ஒன்றாக வந்தால் நரம்பியல் மருத்துவர் நிமிர்ந்து உட்காருவார். இதன் பெயர் ரெம் உறக்க நடத்தைக் கோளாறு. ஆங்கில முதலெழுத்துகளில் ஆர்.பி.டி.

முதலில் நேரத்தைப் பார்ப்போம். இரவு முழுவதும் நாம் ஒரே மாதிரி தூங்குவதில்லை. ஏறக்குறைய ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை மூளை ஒரு விசித்திரமான கட்டத்துக்குள் போகிறது. மூடிய இமைக்குள் விழிகள் விறுவிறுவென்று ஓடும், மூளையின் மின்னலைகள் விழித்திருக்கும்போது இருப்பதைப் போல வேகமாக இருக்கும், கதை கதையாகக் கனவு வரும். விழிகளின் இந்த ஓட்டத்தை வைத்துத்தான் 1953-இல் சிகாகோவில் யூஜின் அஸெரின்ஸ்கியும் நதானியேல் கிளைட்மனும் இந்தக் கட்டத்தை அடையாளம் கண்டார்கள். அதுவே ரெம் உறக்கம். முன்னிரவில் அது சில நிமிடங்களே நீடிக்கும். விடியலை நெருங்க நெருங்க நீண்டுகொண்டே போகும். மூன்று மணி, நான்கு மணி என்று அந்த அம்மா சொன்னது அதனால்தான் முக்கியம். படுத்த ஒரு மணி நேரத்துக்குள் எழுந்து கண்ணைத் திறந்தபடி நடந்துபோகிறார், எழுப்பினால் திருதிருவென்று விழிக்கிறார், கனவு எதுவும் நினைவில்லை என்று சொல்லியிருந்தால் அது வேறு சங்கதி. அது ஆழ்ந்த உறக்கத்தில் வரும் தூக்க நடை. குழந்தைகளிடம் அதிகம், பெரும்பாலும் தானே போய்விடும்.

ரெம் உறக்கத்தில் மூளை ஓட, உடம்பு ஓடாமல் இருப்பது எப்படி? படகு என்ஜின் முழு வேகத்தில் உறுமுகிறது, ஆனால் கியர் நியூட்ரலில் கிடக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டு, அடி, பிடி என்று மூளை கட்டளை போட்டுக்கொண்டே இருக்கும். ஆனால் மூளைத்தண்டின் நடுப்பகுதியான பான்ஸில் ஒரு சிறு நரம்பணுக் கூட்டம் அப்போது விழித்துக்கொண்டு, கீழேயுள்ள முகுளத்தின் வழியாகத் தண்டுவடத்துக்கு ஓர் அடக்கும் செய்தியை அனுப்பும். கைகால் தசைகளை இயக்கும் நரம்பணுக்கள் அந்தச் செய்தியில் வாயடைத்துப் போகும். மூச்சுவிடும் உதரவிதானமும் விழித்தசைகளும் முக்கியமான விதிவிலக்குகள். நியூட்ரல் விழவில்லையென்றால் கனவில் ஓடுகிறவன் கட்டிலிலிருந்து ஓடுவான்.

இதற்கு நேர்மாறானதும் உண்டு, அது தமிழர்களுக்கு நன்றாகப் பழக்கம். விழிப்பு வந்துவிடும், ஆனால் தசைக்கட்டு அவிழாமல் சில நொடிகள் நீடிக்கும். கண் தெரியும், கை அசையாது, நெஞ்சின் மேல் யாரோ உட்கார்ந்திருப்பது போலிருக்கும். அமுக்குவான் பேய் என்று நம் பாட்டிமார் சொன்னது இதைத்தான். பெரும்பாலும் அது ஆபத்தில்லாதது. கட்டு தாமதமாக அவிழ்வதற்கும் கட்டே விழாமல் போவதற்கும் இடையில் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம்.

கட்டு எங்கே இருக்கிறது என்று காட்டியவர் பிரான்ஸின் லியோன் நகரத்து மிஷேல் ஷுவே. 1965-இல் பூனைகளின் பான்ஸில் ஒரு சிறு பகுதியை அவர் சேதப்படுத்தினார். அந்தப் பூனைகள் சாதாரணமாகவே நடமாடின, தூங்கின. ரெம் உறக்கம் வந்ததும் எழுந்தன. இல்லாத எலியின் மேல் பாய்ந்தன, இல்லாத எதிரியைப் பார்த்துச் சீறின. எதிரில் நிஜமாகவே வைக்கப்பட்டதைக் கண்டுகொள்ளவில்லை. அவை தூங்கிக்கொண்டிருந்தன. இருபது வருடம் இது பூனை விவகாரமாகவே இருந்தது.

1982-இல் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரத்தில் கார்லோஸ் ஷெங்க் என்ற மனநல மருத்துவரிடம் 67 வயதான ஓய்வுபெற்ற ஒருவர் வந்தார். அமெரிக்கக் கால்பந்து ஆடுவதாகக் கனவு. எதிரே வந்த பெரிய உடம்புக்காரனைத் தோளால் இடித்துத் தள்ளினார். முழித்துப் பார்த்தால் அறையின் அலமாரிக்கு முன் நிற்கிறார், அதன் மேலிருந்த விளக்கும் கண்ணாடியும் தரையில் கிடக்கின்றன. ஷெங்க்கும் அவருடைய சகாவான மார்க் மஹோவால்டும் அவரை உறக்க ஆய்வுக்கூடத்தில் படுக்கவைத்துப் பார்த்தபோது, ரெம் உறக்கத்தில் தளர்ந்து கிடக்க வேண்டிய தசைகள் துடித்துக்கொண்டிருந்தன. ஷுவேயின் பூனைகளிடம் நடந்தது மனிதனிடம் தானாக நடந்திருந்தது. இவரைப் போன்ற ஐந்து பேரைப் பற்றி 1986-இல் எழுதி, இதற்குத் தனி நோய் என்று இடம் வாங்கிக்கொடுத்தார்கள்.

அப்போதும் இது வினோதமான, ஆனால் தனியான ஒரு உறக்கக் கோளாறாகவே தெரிந்தது. நரம்பில் வேறு பழுதில்லை என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களை அந்தக் குழு விடாமல் திரும்பக் கூப்பிட்டுப் பார்த்துக்கொண்டிருந்ததால்தான் விஷயம் வெளியே வந்தது. ஐம்பது வயதைத் தாண்டிய 29 ஆண்களில் 11 பேருக்கு, நோய் கண்டுபிடித்துச் சராசரியாக நான்கு வருடம்கூட ஆவதற்குள், பார்க்கின்சன் வகைக் கோளாறு வந்திருந்தது. 1996-இல் இதை எழுதினார்கள். பதினாறு வருடம் கழித்து மிச்சமிருந்தவர்களையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தபோது, தகவல் கிடைத்த 26 பேரில் 21 பேருக்குப் பார்க்கின்சனோ மறதி நோயோ வந்துவிட்டது. பார்சிலோனாவில் அலெக்ஸ் இரான்ஸோவின் குழுவும் தனியாகத் தொடர்ந்து பார்த்து இதே திசையில்தான் வந்து சேர்ந்தது. மருத்துவத்தில் ஒரு முன்னறிகுறிக்கு இவ்வளவு பலம் இருப்பது அபூர்வம்.

பான்ஸில் ஒரு சிறு கூட்டம் கெட்டுப்போனதற்கும் பத்து வருடம் கழித்துக் கை நடுங்குவதற்கும் என்ன சம்பந்தம்? 1912-இல் ஃபிரெட்ரிக் லூயி என்ற ஜெர்மானியர் பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையணுக்களுக்குள் உருண்டையான படிவுகளைக் கண்டார். அவற்றில் இருப்பது ஆல்ஃபா-சைனுக்ளின் என்ற புரதத்தின் மடிப்புக் கெட்ட வடிவம் என்று தெரிய 1997 வரை ஆனது. அந்தக் கெட்ட வடிவம் பக்கத்திலுள்ள நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மடித்துவிடுகிறது, அணுவிலிருந்து அணுவுக்குப் பரவுகிறது.

2003-இல் ஹைகோ பிராக் என்ற உடற்கூறியலாளர் இறந்தவர்களின் மூளைகளைச் சீவிப் பார்த்து இந்தப் படிவுகளுக்கு ஒரு பாதை இருப்பதாகச் சொன்னார். நுகர்வு நரம்பின் முனையிலும், குடலுக்குப் போகும் வேகஸ் நரம்பு கிளம்பும் முகுளத்திலும் முதலில் தென்படுகின்றன. அடுத்தது பான்ஸ், நம்முடைய நியூட்ரல் அங்கேதான். அதற்கும் மேலே, நடுமூளையில்தான் டோபமைன் சுரக்கும் கருந்திட்டு இருக்கிறது. அங்கே ஏறக்குறையப் பாதி அணுக்கள் போன பிறகே கை நடுக்கமும் நடை மந்தமும் வெளியே தெரியும். கடைசியில் மூளைப்புறணி. நோய் கீழிருந்து மேலே ஏறுகிறது. நடுக்கத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் நாம் பாதி வழியில்தான் அதைப் பார்க்கிறோம். வாசனை போவதும், மலச்சிக்கலும், கனவுச் சண்டையும் அதற்கு முந்தைய நிறுத்தங்கள்.

எல்லாருக்கும் இதே வரிசை என்று நினைக்கக் கூடாது. சிலரிடம் நோய் மேலேயே தொடங்கி ஒரு பக்கத்துக் கருந்திட்டை முதலில் தாக்குகிறது. அவர்கள் கனவில் கையை ஓங்கியதே கிடையாது. அதனால் தூக்கத்தில் அமைதியாக இருப்பதை வைத்து யாருக்கும் பார்க்கின்சன் வராது என்று உத்தரவாதம் தர முடியாது. எதிர்ப்பக்கத்தில் இன்னொரு எல்லையும் இருக்கிறது: ஆர்.பி.டி. பொதுவாக அல்சைமர் நோய்க்கு முன்னறிகுறி இல்லை. இது காட்டுவது சைனுக்ளின் குடும்பத்தை மட்டும். பார்க்கின்சன், லூயி உடல் மறதி நோய், அரிதாக மல்டிபிள் சிஸ்டம் அட்ரோஃபி.

இந்த நோயில் என்னை மிகவும் யோசிக்கவைத்தது பாரிஸின் பிட்டியே-சால்பெத்ரியே மருத்துவமனையில் இசபெல் ஆர்னுல்ஃப் குழு 2007-இல் வெளியிட்ட ஆய்வு. ஏற்கெனவே பார்க்கின்சன் முற்றியவர்களின் துணைகளிடம் இரவில் என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டார்கள். பகலில் சட்டைப் பொத்தான் போடவே திணறும் மனிதர், பேச்சு முணுமுணுப்பாகிப்போன மனிதர், கனவுக்குள் வேகமாகக் கை வீசுகிறார், உரக்கக் கத்துகிறார் என்றார்கள். ஆய்வுக்கூட வீடியோவிலும் அந்த அசைவுகளில் நடுக்கமோ மந்தமோ இல்லை. விழித்திருக்கும்போது அசைவுக்கான கட்டளை டோபமைன் குறைந்த அடிமூளைச் சுற்றின் வழியாகத் தடுமாறி வருகிறது. ரெம் உறக்கத்தில் அது அந்தச் சுற்றைத் தொடாமல் குறுக்கு வழியில் இறங்குகிறது போலும் என்பது அவர்களுடைய விளக்கம். நல்ல பலம் இருக்கிறதே, இரவில் இப்படி உதைக்கிறாரே, இவருக்கு எப்படி வாதம் வரும் என்று குடும்பத்தார் சொல்வதுண்டு. இரவு உதையின் பலம் பகல் நரம்பின் நலத்துக்குச் சாட்சியாகாது.

கனவின் உள்ளடக்கமும் ஒரே சாயலில் இருக்கிறது. யாரோ தாக்குகிறார்கள், நாய் துரத்துகிறது, வீட்டுக்குள் ஆள் நுழைகிறான். கனவு காண்பவர் தற்காத்துக்கொள்கிறார். பகலில் இவர்கள் முன்கோபிகளாகவும் இருப்பதில்லை. சுருக்குமடி வலைத் தகராறில் ஊருக்கு ஊர் மோதிக்கொண்ட கரையில் வலை அறுக்கும் கனவு வருவதில் ஆச்சரியமில்லை. ஆனால் அடிமனத்து ஆத்திரம் வெளியே வருகிறது என்று படிப்பது தவறு. பல மனைவியர் அப்படித்தான் படித்து, வெளியே சொல்லக் கூச்சப்பட்டு, வருடக்கணக்கில் அடி வாங்கிக்கொண்டு இருந்துவிடுகிறார்கள்.

இனி மருத்துவர் என்ன கேட்பார் என்று பார்ப்போம். ஒரே ஒரு கேள்வியால் சல்லடை போட முடியுமா என்று கனடாவின் ரொனால்ட் பொஸ்டுமா குழு 2012-இல் சோதித்தது. தூக்கத்தில் கனவை நடித்துக்காட்டுவதாக யாராவது உங்களிடம் சொன்னதுண்டா, அல்லது நீங்களே சந்தேகப்பட்டதுண்டா என்பது அந்தக் கேள்வி. நோயுள்ளவர்களில் 100-க்கு 94 பேர் ஆம் என்றார்கள், நோயில்லாதவர்களில் 87 பேர் இல்லை என்றார்கள். கேட்க அருமையாக இருக்கிறது. இதைக் கடற்கரையோரம் ஒரு முகாம் போட்டு ஐம்பது வயதைத் தாண்டிய 1,000 பேரிடம் கேட்டுப் பாருங்கள். இரவு ஆய்வு செய்து பார்த்த சமூகக் கணக்கெடுப்புகளில் இந்த வயதில் நோய் ஏறக்குறைய 100-க்கு ஒருவருக்குத்தான் இருக்கிறது. அப்படியானால் 1,000 பேரில் 10 பேர். அவர்களில் 9 பேர் ஆம் என்பார்கள். நோயில்லாத 990 பேரில் 100-க்கு 13 வீதம் 129 பேரும் ஆம் என்பார்கள். கை தூக்கிய 138 பேரில் நோயுள்ளவர் 9 பேர், அதாவது பதினைந்துக்கு ஒருவர். மிச்சப் பேரைப் பார்க்கின்சன் வரும் என்று பயமுறுத்தி வீட்டுக்கு அனுப்பினால் அந்த முகாம் நடக்காமலே இருந்திருக்கலாம். கைக்கடிகாரமும் கைப்பேசிச் செயலியும் சொல்வதற்கும் இதே கதிதான்.

பொய்யாகக் கை தூக்கவைப்பவற்றில் முதலிடம் உறக்க மூச்சுத்தடைக்கு. குறட்டை விட்டு, மூச்சு நின்று, திணறி, கைகாலை உதறிக்கொண்டு விழிப்பவர் அச்சு அசலாக ஆர்.பி.டி. போலவே தெரிவார், கனவும் பயங்கரமாகவே இருக்கும். மூச்சுக்குக் காற்றழுத்தக் கருவி பொருத்தினால் உதையும் நின்றுவிடும். அடுத்தது மருந்துகள். மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளூவோக்ஸெட்டின், வென்லாஃபாக்ஸின், அமிட்ரிப்டிலின் போன்றவை ரெம் உறக்கத்துத் தசைத்தளர்ச்சியைக் கெடுக்கலாம். மருந்து தொடங்கிய சில வாரங்களில் கத்தல் ஆரம்பித்ததா என்று கேட்க வேண்டும். தானாக மாத்திரையை நிறுத்தவும் கூடாது. மூன்றாவது, தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தும்போது வரும் ஓரிரு வாரக் களேபரம். நான்காவது வலிப்பு. அதில் ஒவ்வொரு இரவும் ஒரே அசைவு, அச்சில் வார்த்த மாதிரி வரும். கனவுச் சண்டையில் இன்றைக்கு நாய், நாளைக்குத் திருடன்.

நம் மீனவரிடம் குறட்டை லேசாகத்தான் இருக்கிறது, மாத்திரை எதுவுமில்லை, குடியை விட்டு ஐந்து வருடம். மருத்துவர் வாசனையைப் பற்றிக் கேட்கிறார். மனைவி உடனே பிடித்துக்கொள்கிறார்: "கருவாடு வறுத்தா தெருக்கோடி வரைக்கும் மணக்கும், டாக்டர். பக்கத்துல ஒக்காந்துகிட்டு, இன்னிக்கு என்ன கொழம்புன்னு கேக்குறாரு. நாலஞ்சு வருசமா இப்படித்தான்." கொரோனாவுக்குப் பிறகா, முன்பா என்று மருத்துவர் துருவுகிறார். முன்பிருந்தே. மலச்சிக்கல் அதற்கும் முன்பிருந்து. எழுந்து நிற்கும்போது தலை சுற்றல் இல்லை. நடக்கச்சொல்லிப் பார்க்கிறார்: இடது கை வலது கையைப் போல வீசவில்லை. கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் வேகமாகத் தட்டச் சொன்னால் முதல் பத்துத் தட்டல் சரியாக இருக்கிறது, பிறகு வீச்சு சுருங்குகிறது. வலையைச் சரிசெய்பவர், இடது கை கொஞ்சம் மெதுவாகிவிட்டது என்று தானே சொல்கிறார். வயதாகிவிட்டது என்று நினைத்தாராம்.

உறுதிப்படுத்த ஓர் இரவு ஆய்வுக்கூடத்தில் படுக்க வேண்டும். தலையில் மின்முனைகள், கண்ணோரம் இரண்டு, முகவாயில், கைகளில், கால்களில். மூக்கின் முன் காற்றோட்டம் பார்க்கும் குழாய், விரலில் ஆக்சிஜன் அளவி, மேலே இருட்டில் படமெடுக்கும் கேமரா. பதிவை முப்பது முப்பது நொடிப் பக்கங்களாகப் பிரித்துப் படிப்பார்கள். முகவாய்த் தசையின் கோடுதான் கதாநாயகன். ரெம் உறக்கம் வந்ததும் அது கோடு போட்ட மாதிரி தட்டையாக வேண்டும். இவரிடம் முள்முள்ளாக எகிறிக்கொண்டே இருக்கிறது. அன்றைக்கு அவர் கத்தவோ அடிக்கவோ இல்லை, விரல்கள் மட்டும் எதையோ பிடித்து இழுப்பது போல அசைந்தன. அது போதும். சண்டை நடக்காத இரவிலும் கோடு பொய் சொல்லாது. சந்தேகத்தை நோயாக மாற்றுவது இந்தப் பதிவுதான். இதில்லாமல் ஒருவருக்கு எதிர்காலம் சொல்வது எனக்கு ஏற்பில்லை.

மீனவர் ஊரில் இந்த நோய் எவ்வளவு கண்ணுக்குத் தப்பும் என்று யோசித்திருக்கிறேன். நள்ளிரவுக்குப் பிறகு கடலுக்குக் கிளம்புகிறவர் ரெம் உறக்கம் செழிக்கும் பின்னிரவைப் படகில் கழிக்கிறார். வெயில் காலத்தில் ஆண்கள் கரை மணலில், காற்றுக்குப் படுக்கிறார்கள். பக்கத்தில் படுத்தவன் உதை வாங்கினால் நாலு வார்த்தை திட்டிவிட்டுத் தள்ளிப் படுப்பான். பாயில் படுப்பவர் கட்டிலிலிருந்து விழுந்து எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வருவதில்லை. தனியாகப் படுக்கும் விதவைப் பெண்ணுக்குச் சாட்சியே கிடையாது. உறக்க ஆய்வகங்களுக்கு வருபவர்களில் ஆண்கள் மிக அதிகமாக இருப்பதற்கு, பெண்களின் அசைவுகள் மென்மையாக இருப்பதும் ஒரு காரணம்.

பதிவு வந்துவிட்டது. இப்போது என்ன சொல்வது? நம்மிடமுள்ள மிகப் பெரிய கணக்கு 2019-இல் பொஸ்டுமா தலைமையில் வந்தது: 24 மையங்கள், இரவு ஆய்வில் உறுதியான 1,280 பேர். ஆண்டுக்கு ஏறக்குறைய 100-க்கு 6 பேர் வீதம் பார்க்கின்சனுக்கோ மறதி நோய்க்கோ போனார்கள். 12 ஆண்டில் 100-க்கு 73 பேர். பாதிக்கு மேல் அசைவுக் கோளாறில் தொடங்கினார்கள், மற்றவர்கள் மறதியில். ஏற்கெனவே அசைவுச் சோதனையில் சிறு குறை தெரிந்தவர்களும் வாசனை இழந்தவர்களும் வேகமாகப் போனார்கள். நம்மவருக்கு இரண்டும் இருக்கிறது, அதனால் இவருக்கான காலம் சராசரியைவிடக் குறைவாக இருக்கவே வாய்ப்பு. ஆனால் எந்த வருடம் என்று எந்த மருத்துவராலும் சொல்ல முடியாது. அதே கணக்கில் 12 ஆண்டு கடந்தும் நோய் வராமல் ஏறக்குறையக் கால் பங்கினர் இருந்தார்கள். கணக்கில் வந்தவர்களும் அடிதடி முற்றி உறக்க மையம் தேடி வந்தவர்கள். வீட்டிலேயே இருந்துவிடும் லேசான நோயாளிகளுக்கு வேகம் வேறாக இருக்கலாம்.

முழுவதையும் முதல் நாளே கொட்ட வேண்டுமா? அமெரிக்க நடிகர் ஆலன் ஆல்டா தானே தேடிப்போய்த் தெரிந்துகொண்டவர். கனவில் தாக்க வந்தவன் மேல் உருளைக்கிழங்கு மூட்டையை எறிந்தார், உண்மையில் எறிந்தது மனைவி மேல் தலையணை. கனவை நடிப்பது பார்க்கின்சனின் முன்னறிகுறி என்று செய்தித்தாளில் படித்திருந்தவர், அறிகுறி எதுவும் இல்லையே என்று மருத்துவர் தயங்கியும், மூளை ஸ்கேன் கேட்டு எடுத்தார். நோய் உறுதியானது; மூன்றரை வருடம் கழித்து 2018-இல் அதை வெளியே சொன்னார். எல்லாரும் அவரைப் போல இருப்பதில்லை. எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறீர்கள் என்று நோயாளியையே கேட்டுவிட்டு அந்த அளவுக்குச் சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. நம் ஊரில் நோயாளியை வெளியே அனுப்பிவிட்டு மகனிடம் சொல்லும் வழக்கம் உண்டு. இந்த நோயில் அது கூடவே கூடாது. இது அவருடைய அடுத்த பத்து வருடம்.

நோய் ஏறுவதைத் தடுக்கும் மருந்து இன்றைக்கு இல்லை. இரவு அடியைக் குறைக்க இரண்டு மருந்து உண்டு. படுக்கும் முன் மெலடோனின், 3 மில்லிகிராமில் தொடங்கிப் படிப்படியாகக் கூட்டுவார்கள். அல்லது குளோனாஸெபாம், கால் அல்லது அரை மில்லிகிராம். இரண்டாவது நன்றாகக் கேட்கும், ஆனால் முதியவரைத் தள்ளாடவைக்கும், மூச்சுத்தடையையும் ஞாபகத்தையும் மோசமாக்கலாம். அதனால் முதலில் மெலடோனின் என்பது பலருடைய தேர்வு. மருந்துக்கு முன்னால் படுக்கை. இவர்கள் வீடு ஒற்றை அறை. படுக்கும் பாய்க்கு ஒரு முழம் தள்ளி அருவாமனை சாய்த்து வைத்திருக்கிறது, சுவரோரம் மீன் வெட்டும் கத்தி. அவை மாலையிலேயே வெளியே போக வேண்டும். இரும்பு ட்ரங்க் பெட்டியின் முனை தலைப்பக்கம் இருக்கக் கூடாது. கைகாலைக் கயிற்றால் கட்டிப்போடுவதை உலகம் முழுவதும் செய்து பார்த்திருக்கிறார்கள்; அதில் காயம்தான் மிச்சம். அந்த அம்மா கொஞ்ச நாளைக்காவது தள்ளிப் படுக்க வேண்டும்.

இதைவிடப் பெரிய பயன் இன்னொன்று. சில வருடம் கழித்து இவருக்கு மறதிப் பாதையில் நோய் திரும்பினால், முதலில் வருவது மறதியாக இல்லாமலும் போகலாம். ஒரு நாள் தெளிவு, ஒரு நாள் குழப்பம். மூலையில் குழந்தைகள் நிற்பதாகச் சொல்வார், அவர்களோடு பேசுவார். வீட்டார் பதறி இரவில் அவசரப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். பிதற்றும் முதியவருக்கு வழக்கமாகப் போடுவது ஹாலோபெரிடால் ஊசி. லூயி உடல் மறதி நோயில் அந்த ஊசி விஷம் மாதிரி வேலை செய்யலாம்: உடம்பு கட்டையாக விறைக்கும், நினைவு மங்கும், சிலர் மீள்வதில்லை. இந்த நோயாளிக்குக் காய்ச்சல், சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல் இருக்கிறதா என்று முதலில் தேடிப்பார்த்து, மருந்து வேண்டியே தீருமென்றால் ரிவாஸ்டிக்மின், அல்லது மிகக் குறைந்த அளவில் குவெட்டியாபின் என்று நரம்பியல் மருத்துவர் யோசிப்பார். இரவுப் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு இது தோன்ற வேண்டுமானால், இவர் பல வருடமாகத் தூக்கத்தில் கத்தி உதைப்பவர் என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால் இரவு ஆய்வின் முடிவை ஓ.பி. சீட்டின் முதல் பக்கத்தில் எழுதி, கீழே ஹாலோபெரிடால் வேண்டாம் என்று சிவப்பு மையில் கோடிட்டு, சீட்டு மனைவியிடமும் அதன் நகல் மகனிடமும் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும்.